பேச்சுத் தமிழ்ச் செய்தியை எழுத்துக்குக் கொண்டுவரும்போது எதை மாற்றுவது, எதை விடுவது

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் குரல் பதிவாக அனுப்பும் செய்திகளை நான்தான் எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறேன். பேச்சாக அப்படியே தட்டினால் பலருக்குப் படிக்கவே சிரமமாக இருக்கிறது. திருத்தி எழுதினால் சுற்றறிக்கை மாதிரி விறைப்பாக இருக்கிறது என்கிறார்கள். நடுவில் எப்படி எழுதுவது? அவர் பேசியதும் நான் எழுதியதும் கீழே.

அவர் பேசியது: "நேத்து மோட்டார் ரிப்பேர்னு சொன்னேன்ல, அத பாக்க ஆளு வந்தாங்க. பாத்துட்டு, உள்ள பேரிங் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டு போனாங்க. நாளைக்கு வர்றேன்னு சொல்லிருக்காங்க. அதுவரைக்கும் தண்ணி ஏறாது, கொஞ்சம் பாத்து செலவு பண்ணுங்க எல்லாரும். வால்வு வேற மூட மாட்டேங்குது, யாரும் அத தொடாதீங்க."

நான் எழுதியது: "மோட்டார் பழுதடைந்தமை குறித்து நேற்றைய தினம் தெரிவிக்கப்பட்டிருந்தது. அதனைப் பார்வையிடப் பணியாளர்கள் வருகை புரிந்தனர். உதிரிபாகம் ஒன்று பழுதடைந்துள்ளதாகவும் அதனை மாற்ற வேண்டியுள்ளதாகவும் தெரிவித்தனர். நாளை வருகை தருவதாகத் தெரிவித்துள்ளனர். அதுவரை நீர் ஏற்றம் நடைபெறாது என்பதால் அனைவரும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வால்வு மூட மறுப்பதால் அதனை எவரும் தொடுதல் கூடாது."

பதில்: நீங்கள் எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. செயலாளர் பயன்படுத்திய சொற்கள்தான் பெரும்பாலும் மிஞ்சவில்லை. "வந்தாங்க" என்பதை "வந்தார்கள்" என்று எழுதியதும் எழுத்துத் தமிழ் ஆகிவிட்டது. அங்கேயே நின்றிருக்கலாம். நீங்கள் இன்னும் ஒரு படி போய் "வருகை புரிந்தனர்" என்று ஆக்கிவிட்டீர்கள். அந்த இரண்டாவது படிதான் விறைப்பு. பேட்டிகளை ஒலிப்பதிவிலிருந்து எழுதித் தருவதும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் என் தொழில். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் பார்ப்பது இதைத்தான். பேச்சு வழக்கை மாற்றுவது என்றால் சொல்லின் வால்பகுதியை மாற்றுவது. சொல்லையே மாற்றுவது வேறு வேலை, அது அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

வால்பகுதி மாற்றம் பெரும்பாலும் ஒழுங்கானது. பேச்சில் "ச்ச", "ஞ்ச" என்று வருவது எழுத்தில் "த்த", "ந்த" ஆகும்: படிச்சேன் படித்தேன், வச்ச வைத்த, முடிஞ்ச முடிந்த, தெரிஞ்ச தெரிந்த. "செஞ்ச", "பெஞ்ச" போன்றவை மட்டும் "செய்த", "பெய்த" ஆகும். நிகழ்காலத்தில் விழுங்கிய "கி" திரும்ப வரும்: சொல்றேன் சொல்கிறேன், போற போகிற. "ணும்" என்பது "வேண்டும்", "னு" என்பது "என்று", "கிட்ட" பெரும்பாலும் "இடம்". "போயிடுச்சு", "முடிஞ்சிருச்சு" போன்றவற்றின் கடைசியில் இருப்பது "விட்டது". இதெல்லாம் தமிழ் பேசுகிற எவருக்கும் கை தானாகச் செய்யும் வேலை, நீங்களும் சரியாகவே செய்திருக்கிறீர்கள்.

கவனம் தேவைப்படுவது, பேச்சில் ஒரே வால் இரண்டு மூன்று வேலை செய்கிற இடங்களில். "ட்டு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். "சரி பண்ணிட்டு போனாங்க" என்றால் வேலை முடிந்தது, எழுத்தில் "சரி செய்துவிட்டுப் போனார்". "சரி பண்ணிட்டு இருக்காங்க" என்றால் வேலை இன்னும் நடக்கிறது, எழுத்தில் "சரி செய்துகொண்டிருக்கிறார்". அதே ஒலிதான், ஒன்றில் "விட்டு", இன்னொன்றில் "கொண்டு". "ஓட" என்பதும் அப்படி. "தம்பியோட வண்டி" என்றால் தம்பியுடைய வண்டி, "தம்பியோட வந்தேன்" என்றால் தம்பியுடன் வந்தேன். உடைமைப் பொருளில் வரும்போது "உடைய" கூட வேண்டியதில்லை. "தம்பி வண்டி", "அவர் வீடு" என்று எழுதினாலே போதும், வாக்கியமும் லேசாகும். பிறகு "ல". "வீட்டுல" என்றால் வீட்டில், "வரல" என்றால் வரவில்லை. உங்கள் செய்தியில் இருக்கிற "சொன்னேன்ல" மூன்றாவது வகை. அது "சொன்னேன் இல்லையா" என்பதன் சுருக்கம். கேட்பவருக்கு முன்பே தெரியும் என்று நினைவூட்டுகிற வால் அது. அதை "சொன்னேன் அல்லவா" என்று எழுதினால் மேடை நாடகம் போல் ஆகும். "நேற்று சொல்லியிருந்தேன்" என்றால் அதே நினைவூட்டல் தானாக வந்துவிடுகிறது. நீங்கள் எழுதிய "தெரிவிக்கப்பட்டிருந்தது" என்பதில் சொன்னவரே காணாமல் போகிறார். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் பேசியது, யாரோ பெயரில்லாத ஒருவர் விட்ட அறிவிப்பாக மாறிவிடுகிறது.

இருப்பதிலேயே அதிகம் ஏமாற்றுகிற வால் "ஆங்க". பேச்சில் "வந்தாங்க" என்றால் ஒருவர் மரியாதையாக வந்ததும் ஆகலாம், பலர் வந்ததும் ஆகலாம். எழுத்தில் "வந்தார்", "வந்தார்கள்" என்று பிரித்தே ஆக வேண்டும். நீங்கள் "பணியாளர்கள்" என்று பலராக்கிவிட்டீர்கள். செயலாளர் பேச்சை இன்னொரு முறை பாருங்கள்: "நாளைக்கு வர்றேன்னு சொல்லிருக்காங்க." பலர் வந்திருந்தால் அவர்கள் "வர்றோம்" என்று சொல்லியிருப்பார்கள், அவரும் "வர்றோம்னு" என்று திருப்பிச் சொல்லியிருப்பார். "வர்றேன்" என்பதால் வந்தது ஒருவராகத்தான் இருக்கும். மரியாதைக்காக "ஆங்க" போட்டிருக்கிறார். பேட்டிகளை எழுதும்போது இப்படிப்பட்ட தடயங்களைத்தான் தேடுவேன். ஆனால் இது தடயம்தான், உறுதி அல்ல, குழுவில் ஒருவர் மட்டும் தனக்காகப் பேசியிருக்கவும் கூடும். ஒரு நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் என்றால் கேட்டுவிடுவதே நல்லது. கேட்க வழியில்லை என்றால் ஒருமையா பன்மையா என்று காட்டாமலே எழுதலாம்: "மெக்கானிக் தரப்பில் சொன்னது: பேரிங்கை மாற்ற வேண்டும்."

இனி, சொல்லையே மாற்ற வேண்டிய அந்த அபூர்வ இடங்கள். வாலை மட்டும் மாற்றினால் பொருள் கெட்டுப்போகிறது என்றால்தான் சொல்லில் கை வைக்க வேண்டும். உங்கள் செய்தியில் அப்படி மூன்று இருக்கின்றன. "பேரிங் போயிடுச்சு" என்பதை வால் மாற்றி "பேரிங் போய்விட்டது" என்று எழுதினால், பேச்சின் குரல் இல்லாத நிலையில், எங்கோ தொலைந்துவிட்டது என்றும் படிக்கலாம். "கெட்டுவிட்டது" என்றால் குழப்பம் இல்லை. "தேய்ந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். தேய்ந்ததா உடைந்ததா என்று அவர் சொல்லவில்லை. அதே நேரம் "பேரிங்" என்ற சொல்லை "உதிரிபாகம் ஒன்று" என்று பொதுவாக்கியதும் சரியில்லை. விறைப்பான நடையின் பெரிய நஷ்டம் இதுதான். குறிப்பாகச் சொன்னதைப் பொதுவாக ஆக்கிவிடும். அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவருக்கு மோட்டார் வேலை தெரிந்திருக்கலாம், "பேரிங்" என்று படித்தால் அவருக்கு என்ன பிரச்சினை, எவ்வளவு நேரமாகும் என்று ஒரு கணக்கு கிடைக்கும்.

இரண்டாவது "மூட மாட்டேங்குது". பேச்சில் உயிரில்லாத பொருள்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்கிறோம்: கதவு திறக்க மாட்டேங்குது, போன் எடுக்க மாட்டேங்குது. இதில் யாரும் எதையும் மறுக்கவில்லை, நம்மால் முடியவில்லை என்பதுதான் பொருள். நீங்கள் எழுத்தில் "மூட மறுப்பதால்" என்று போட்டதும் வால்வுக்கு மனம் வந்துவிட்டது. "வால்வை மூட முடியவில்லை" என்பதே சரி. மனிதர்களைப் பற்றி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். "பணம் தர மாட்டேங்கிறாங்க" என்பதை "பணம் தர மறுக்கிறார்கள்" என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. சொன்னவர் "இன்னும் தரவில்லை, இழுத்தடிக்கிறார்கள்" என்று மட்டும் நினைத்திருக்கலாம். எது என்று பேசியவரிடம் கேட்காமல் எழுதக் கூடாத சொல் அது. மூன்றாவது "வேற". "வால்வு வேற" என்பதில் இருப்பது, ஏற்கெனவே உள்ள தொல்லையோடு இதுவும் சேர்ந்தது என்ற அலுப்பு. எழுத்தில் ஒரு "உம்" அந்த வேலையைச் செய்யும்: "வால்வையும் மூட முடியவில்லை."

இந்த மாதிரி இடங்களைத் தவிர வேறெங்கும் சொல்லை மாற்ற வேண்டாம் என்பேன். எங்கே எல்லை தாண்டினோம் என்று கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்று உண்டு. எழுதிய வாக்கியத்தை மறுபடி பேச்சாக்கிப் பார்ப்பேன், வாலை மட்டும் மாற்றி. "ஒருவர் வந்து பார்த்தார்" என்பது "ஒருத்தர் வந்து பாத்தாரு" என்று உடனே திரும்பும். "வருகை புரிந்தனர்" திரும்பாது, "வருகை புரிஞ்சாங்க" என்று யாரும் பேசுவதில்லை. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" அதைவிட மோசம், அதற்குப் பேச்சு வடிவமே கிடையாது. "தெரிவித்துள்ளனர்" என்பதும் அப்படித்தான். அது செய்தித்தாள் நடை. "சொல்லியிருக்கிறார்" என்றால் "சொல்லிருக்காரு" என்று நேராகத் திரும்பிவிடுகிறது. திரும்பிப் போகாத வாக்கியம் புத்தகத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றறிக்கை நடையில் அடிக்கடி வரும் "படு" வினைகள், "மேற்கொள்", "குறித்து", இரண்டு பெயர்களுக்கு நடுவே வரும் "மற்றும்" எல்லாம் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பேச்சில் "அப்பாவும் அம்மாவும்" என்கிறோம். எழுத்திலும் அதுவே போதும்.

ஆனால் இந்தச் சோதனை பிடிக்காத ஒரு குறை இருக்கிறது, அது தெளிவு பற்றியது. பேசும்போது விட்டுவிடுகிற விஷயங்கள் எழுத்தில் குழியாகிவிடும். "தண்ணி ஏறாது" என்றார், எங்கே என்று சொல்லவில்லை. குரலில் கேட்டவருக்கு அது தேவைப்படவில்லை, படிப்பவருக்கு "தொட்டிக்கு" என்று ஒரு சொல் சேர்த்தால் நல்லது. அதைவிட முக்கியம் "நேத்து", "நாளைக்கு". அவை பதிவு செய்த நேரத்தைப் பொறுத்தவை. நீங்கள் அடுத்த நாள் காலையில் எழுதி அனுப்பினால் இரண்டும் ஒரு நாள் தள்ளிப்போகும். கிழமையைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். "செலவு பண்ணுங்க எல்லாரும்" என்பதில் போல, பேசும்போது நினைவு வந்ததைக் கடைசியில் ஒட்டுவோம். எழுத்தில் அதை எடுத்து வினைக்கு முன்னால் வையுங்கள்: "எல்லாரும் கொஞ்சம் பார்த்துச் செலவு செய்யுங்கள்." இந்த "கொஞ்சம்", "பார்த்து" இரண்டையும் வெட்டாதீர்கள். "சிக்கனமாக" நல்ல சொல்தான், ஆனால் உத்தரவு மாதிரி ஒலிக்கிறது. "கொஞ்சம் பார்த்து" என்பதில் கேட்டுக்கொள்கிற தொனி இருக்கிறது. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று நீட்டி வரவழைக்கப் பார்த்த பணிவை அந்த இரண்டு சொற்களும் ஏற்கெனவே செய்துவிட்டன.

பணிவு பற்றி இன்னொன்று. "தொடாதீங்க" என்பதை வால் மாற்றினால் "தொடாதீர்கள்" என்று வரும். இலக்கணப்படி சரி. ஆனாலும் எழுத்தில் அது எச்சரிக்கைப் பலகையில் எழுதியது போல் கடுமையாகிறது. பேச்சில் குரல் மென்மையாக்கியதை எழுத்து செய்வதில்லை. இந்த இடத்தில் "தொட வேண்டாம்" என்று எழுதுவேன். ஆனால் உண்மையிலேயே ஆபத்தான விஷயம் என்றால், மின்கம்பி அறுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே "தொடாதீர்கள்" என்ற கடுமைதான் வேண்டும்.

சரி, இத்தனையும் சேர்த்து உங்கள் செய்தியை நான் எழுதினால் இப்படி வரும். கிழமையையும், வந்தது ஒருவர்தானா என்பதையும் மட்டும் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்:

"மோட்டார் ரிப்பேர் என்று நேற்று (புதன்) சொல்லியிருந்தேன். ஒருவர் வந்து அதைப் பார்த்தார். உள்ளே பேரிங் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளை (வெள்ளி) வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. எல்லாரும் கொஞ்சம் பார்த்துச் செலவு செய்யுங்கள். வால்வையும் மூட முடியவில்லை. யாரும் அதைத் தொட வேண்டாம்."

நீளமும் கிட்டத்தட்ட செயலாளர் பேசிய அளவேதான். இரண்டு "சொன்னார்"களை நான் ஒரே மாதிரி எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "மாற்ற வேண்டும் என்று" என்பதில் அவர் வார்த்தை அப்படியே இருக்கிறது. "வருவதாக" என்பதில் அவர் சொன்னதன் சாரம் மட்டும் இருக்கிறது. பேச்சில் எல்லாவற்றுக்கும் "னு"தான், அதையெல்லாம் "என்று" ஆக்கினால் நான்கு வரிக்குள் மூன்று "என்று" வந்து இடறும். ஒன்றிரண்டை "ஆக" என்று மாற்றினால் படிக்கச் சுகமாக இருக்கும். ஒற்றெழுத்து விஷயத்தில், "ஐ", "கு" இரண்டுக்கும் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று போடுவதை மட்டும் விடாதீர்கள்: அதைத் தொட, தொட்டிக்குத் தண்ணீர். ஆனால் "வருவதாகச்சொல்லியிருக்கிறார்" என்று சொற்களை ஒட்டி எழுதாதீர்கள். போன் திரையில் நீண்ட சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும்போது படிப்பதே கஷ்டம்.

நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிற விஷயங்களும் உண்டு. "ரிப்பேர்" இருக்கலாமா, "பழுது" என்றுதான் எழுத வேண்டுமா? இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். படிப்பவர்கள் வீட்டில் எதைச் சொல்கிறார்களோ அதை விட்டுவிடுவது என் வழக்கம், உங்கள் சங்கத்தில் தனித்தமிழ் விரும்புகிறவர்கள் அதிகம் என்றால் "பழுது" என்று மாற்றுவதால் எந்த விறைப்பும் வராது. "பண்ணுங்கள்" என்று எழுதலாமா "செய்யுங்கள்" என்றுதான் எழுத வேண்டுமா என்பதிலும் இரு கட்சி உண்டு. "பண்ணு" பழைய தமிழ்ச் சொல்தான், தவறென்று சொல்ல முடியாது. ஆனாலும் எழுத்தில் அது கொஞ்சம் பேச்சாகத் தெரிகிறது என்பதால் நான் "செய்" பக்கம் சாய்கிறேன். "எல்லாரும்", "எல்லோரும்" இரண்டும் சரி. "நாளைக்கு வர்றேன்" என்பதை நேராக எழுதும்போது "நாளை வருகிறேன்" என்று நிகழ்காலத்திலேயே விடலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக விடலாம். "வருவேன்" என்று மாற்றினால், வாக்குக் கொடுப்பது போன்ற அழுத்தம் சில இடங்களில் ஏறிவிடுகிறது. எங்கே ஏறும், எங்கே ஏறாது என்பதற்கு ஒரு விதி சொல்ல என்னால் முடியவில்லை. காதில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

நான் சொன்ன வால் மாற்றங்களெல்லாம் தமிழ்நாட்டில் பொதுவாகப் பேசப்படுகிற பேச்சுக்குப் பொருந்துபவை. வட்டார வழக்கு அழுத்தமாக இருந்தாலோ, பேசுகிறவர் இலங்கைத் தமிழர் என்றாலோ, வால்களே வேறு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் "நான் வந்தனான்" என்று வருவதை வெறும் "வந்தேன்" என்று ஆக்குவதற்கு முன்னால், அந்தப் பேச்சு பழகிய ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, எழுத்துத் தமிழாக முழுவதும் மாற்றக் கூடாத ஒரு வகைச் செய்தி உங்களுக்கு வரும். இன்னார் இன்னாரைப் பார்த்து இன்னது சொன்னார் என்ற தகராறு, பணம் தருவதாக ஒருவர் கொடுத்த வாக்கு, இந்த மாதிரி. அதில் சுற்றியுள்ள வாக்கியங்களை நீங்கள் எழுத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் அந்த ஆள் சொன்ன சொற்களை மேற்கோள் குறிக்குள் பேச்சு வடிவத்திலேயே போடுங்கள். "பாக்கலாம்" என்று ஒருவர் சொன்னதை "பரிசீலிப்பதாகச் சொன்னார்" என்று எழுதினால், நாளைக்கு அவர் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.